நீலம் வராத பட்டறை

எங்கள் வாணவெடிப் பட்டறைக்கு நீலம் வராது. இது வாடிக்கையாளர்களுக்கே தெரிந்த சங்கதி. தங்க மழை கேட்டால் கொட்டித் தீர்ப்போம், ஏனென்றால் கரித்தூளும் இரும்புத்தூளும் சூட்டில் பழுத்துத் தாமாகவே ஒளிரும். வெள்ளைக்கு அலுமினியம் இருக்கிறது. நிறம் என்று யாராவது வாயெடுத்தால்தான் எங்களுக்குத் திண்டாட்டம். சிவப்பு கேட்டால் ஆரஞ்சு வரும். பச்சை கேட்டால் வெளுத்துப்போன எலுமிச்சை வரும்.

நான் வேதியியல் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். வாய் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசையில், "நீலம் என்ன பெரிய நீலம், நான் கொண்டு வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். பட்டறையை நடத்தும் என் நாத்தனார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"சரி. பாலம் திறப்பு விழாவுக்கு நீல வாணவெடி கேட்டிருக்காங்க. மாதிரிக்கு ஒண்ணு வெடிச்சுக் காட்டச் சொல்லி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வராங்க. நீலம் வந்தா கலவை அறை உன் பொறுப்பு. வரலேன்னா கணக்கு அறையில போய் உக்காரு."

கணக்கு என்றால் எனக்கு வேப்பங்காய். அந்த அறையில் ஏற்கெனவே நாத்தனாரின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் கலவை அறைக்காரர்தான். சிவப்பு செய்கிறேன் என்று ஆரஞ்சு செய்ததால் மனைவியே அவரை அங்கே மாற்றிவிட்டார். அவர் என்னைப் பார்த்து, "ரெண்டு நாற்காலி இருக்கும்மா, கவலைப்படாதே" என்றார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஒவ்வொரு உலோகத்துக்கும் தன் நிறம் ஒன்று உண்டு. சூடேறியதும் வாங்கிக்கொண்ட சக்தியை, தனக்கென்று இருக்கும் நிற ஒளியாகத்தான் திருப்பிக் கொடுக்கும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு, பச்சைக்கு பேரியம் உப்பு, மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்குத் தாமிரம். கூடவே குளோரின் தரும் பொருள் ஒன்று வேண்டும். சுடரில் தாமிரமும் குளோரினும் கைகோத்தால்தான் நீலம் வரும். அந்த ஜோடிக்கு அதிகச் சூடு ஆகாது, பிரிந்துவிடும், நிறமும் வெளுத்துவிடும். அதனால் மக்னீசியம் மாதிரி கொதிக்கும் ஆசாமிகளைக் கிட்டவே சேர்க்காமல், நிதானமாக எரியும் கலவையாகப் போட்டேன். துணைக்கு இருக்கட்டும் என்று சிவப்பும் பச்சையும் செய்தேன்.

தூள்களை உருண்டையாகப் பிடிக்கப் பசை வேண்டும். அது மாமனாரின் இலாகா. பட்டறையை மகளிடம் கொடுத்துவிட்டாலும் அரிசிமாவுப் பசையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "மருமகளுக்கு என் கையால கிண்டித் தரேன்" என்று பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவந்து வைத்தார். உருண்டைகள் பிடித்து, நிழலில் காயவைத்து, வெள்ளிக்கிழமை காலையில் கறுப்புச் சுவர் சோதனை அறைக்கு எடுத்துப் போனோம்.

நாத்தனார் கதவைச் சாத்தினார். முதலில் சிவப்பைக் கொளுத்தினேன். ஆரஞ்சு. பச்சை, எலுமிச்சையானது. என் செல்ல நீலமோ, அழுக்கு வெள்ளையில் மஞ்சள் பூசிக்கொண்டு எரிந்து அணைந்தது.

"நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்லவா?" என்றார் நாத்தனார். குரலில் கிண்டலைவிட அலுப்புதான் அதிகம்.

எனக்கு மூக்கு உடைந்த கோபம். ஆனால் கோபத்தில்தான் என் மூளை ஒழுங்காக வேலை செய்யும். மூன்றும் ஒரே பக்கமாக, மஞ்சள் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. மஞ்சள் என்றால் சோடியம். துளியூண்டு இருந்தாலும் மற்ற எல்லாரையும் பேசவிடாமல் தானே கத்துகிற ஜென்மம் அது. எங்கிருந்து வந்தது?

தூள் எதுவும் இல்லாத பக்கத்து ஆய்வறையில் வாயுச்சுடரை ஏற்றினேன். சுத்தமான கம்பி முனையில் ஒவ்வொரு சரக்காக எடுத்துக் காட்டினேன். வேடிக்கை பார்க்க அண்ணனும் வந்து நின்றார். ஸ்ட்ரான்ஷியம் ரத்தச் சிவப்பு காட்டியது. பேரியம் இளம்பச்சை. தாமிரமும் யோக்கியமாகத்தான் இருந்தது. கடைசியாகப் பாத்திரத்தில் மிச்சமிருந்த பசையைத் தொட்டுக் காட்டினேன். சுடர் முழுக்க மஞ்சளாகி அறையே மஞ்சள் குளித்தது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. நல்ல பதமான சமையல் உப்பு, அதாவது சோடியம்.

மாமனாரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"கஞ்சின்னா உப்பு போட மாட்டாங்களாம்மா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். "உப்பில்லாம இறக்க எனக்குக் கை வராது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அவரும், எதற்கென்று தெரியாமல், மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார். ஆனால் சாயங்காலம் ஆட்கள் வருகிறார்களே. புதுப் பசை கிண்டிப் போட்டாலும் உருண்டை காயாது.

அப்போதுதான் அண்ணன் மெல்ல, "குளோரினுக்கு என்ன போடறே?" என்றார்.

"குளோரின் ஏத்தின ரப்பர் தூள்."

"அது அசிட்டோன்ல கரையுமே. கரைஞ்சா அதுவே ஒட்டும். பசை எதுக்கு?"

எனக்கு அவரைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. முறையில்லை என்பதால் நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேரும் காற்றோட்டமான கொட்டகைக்குப் போய், பக்கத்தில் நெருப்பே இல்லையென்று இருமுறை பார்த்துவிட்டு, சிறிய அளவில் பிசைந்து, தட்டி, மரக் கத்தியால் சின்னச் சின்னக் கட்டிகளாக நறுக்கினோம். அண்ணன் கை சும்மா பறந்தது. அசிட்டோன் பறந்துபோகும் வேகத்துக்கு மதியமே கட்டிகள் இறுகிவிட்டன. தீப்பிடிக்க மேலே கரிமருந்து பூசிக் காயவிட்டோம்.

இருட்டத் தொடங்கியபோது விழாக்காரர்கள் சோதனை மைதானத்தில் வந்து நின்றார்கள். நாத்தனார் என் பக்கம் பார்க்கவே இல்லை. எங்கள் கட்டிகளை அடைத்த சிறு வெடி குழாயிலிருந்து கிளம்பி மேலே போய்ச் சிதறியது.

நீலம். அப்பழுக்கில்லாத, ஆழமான நீலம். நான் குதித்தேன். உடம்பே என் பேச்சைக் கேட்கவில்லை. விழாக்கார அம்மாள், "இதுதான், இதேதான்" என்று ஒப்பந்தத்தை அங்கேயே முடித்துவிட்டுப் போனார்.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில என்னாச்சு?"

நான் பூசி மெழுகப் பார்த்தேன். "பசையில ஏதோ கோளாறு, அண்ணி."

மாமனார் முன்னே வந்தார். "ஏதோ இல்லம்மா, நான் போட்ட உப்பு. நிறத்துக்கு ஆகாதாம், மருமக சொல்றா. எனக்கென்ன தெரியும், எப்பவும் போடறதுதானே."

"எப்பவுமா?"

"உங்கம்மா காலத்துல இருந்து."

நாத்தனார் மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினார். அண்ணன் அசையாமல் நின்றார்.

"அப்ப அன்னைக்கு நீங்க செஞ்சது?"

"சிவப்புதான்," என்றார் அண்ணன். "அப்பவே சொன்னேன்."

நாத்தனார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நான் ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது. "ஏங்க, இத்தனை வருஷமா" என்று ஆரம்பித்து முடிக்கவே முடியவில்லை. சிரிப்பு எங்கள் எல்லாரையும் தொற்றிக்கொண்டது. மாமனார்தான் பாவம், "இனிமே கொஞ்சமா போடறேன்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "கலவை அறை உன்னுது. அதனால உன்கிட்டதான் கேக்கணும். இவருக்கு அங்க இடம் இருக்கா?"

"பாதி அறை அண்ணனுக்குத்தான்," என்றேன்.

அண்ணன் மனைவியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு, "ஸ்ட்ரான்ஷியம் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"நானே எடுத்துத் தரேன்" என்றார் நாத்தனார்.