மஞ்சள் தண்ணீர் வரும்வரை

குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்காக மூன்று நிமிட வீடியோ. எழுதித் தரச் சொன்னது என்னை. பதினாறு வருடமாக அந்தப் பரிசோதனை அறையில் நர்ஸ் நான்.

படிப்படியாக எழுதினேன். பரிசோதனைக்கு முந்தின நாள் கஞ்சி, காய்கறி எதுவும் கூடாது, தெளிந்த திரவம் மட்டும். மாலையில் ஒரு பாட்டில் மருந்து, மறுநாள் காலையில் இன்னொன்று. நடுவில் ஒரு வரி: "முதலில் பழுப்புத் தண்ணீராகப் போகும். அத்துடன் நிறுத்தாதீர்கள். சிறுநீர் போல மஞ்சளாக, தெளிவாகப் போனால்தான் குடல் சுத்தம். இரண்டாவது பாட்டிலையும் முழுக்கக் குடியுங்கள்."

விளம்பர மேலாளர் அந்த வரியைப் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். கழிப்பறைக்கே போகாத பிறவி போலிருக்கிறது.

"சிஸ்டர், இது ஆஸ்பத்திரியோட முகம். இப்படி அசிங்கமாவா பேசுறது?"

"அதைப் பாத்துத்தான் சார் கண்டுபிடிக்கணும். வேற வழியில்ல."

அவர் அதை அடித்துவிட்டு, 'குடல் தூய்மையடையும் வரை மருந்தைப் பருகுங்கள்' என்று எழுதினார். பின்னணியில் அருவி ஒன்றைக் கொட்ட விட்டார். பெரிய டாக்டர் பாதி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்கு இசை பிடித்திருந்ததாம்.

வீடியோ வெளியான மூன்றாம் வாரம் மேலாளரின் அம்மாவே பரிசோதனைக்கு வந்தார். இரண்டு மாதமாக மலத்தில் ரத்தம். கட்டியா, வேறு ஏதாவதா என்று தெரிய வேண்டும். மயக்க ஊசி போட்டுக் குழாயை உள்ளே விட்டதும் டாக்டர் நிறுத்திவிட்டார். எங்கு பார்த்தாலும் பழுப்புச் சேறு. கட்டி இருந்தாலும் தெரியாது.

மகன் ஓடி வந்தார். "அம்மா சரியா குடிச்சிருக்க மாட்டாங்க சிஸ்டர். சொன்னா கேக்கவே மாட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் கட்டிலிலிருந்து குரல் வந்தது. மயக்கம் தெளிந்திருந்தது.

"நீ எடுத்த படத்தை மூணு தடவை பாத்தேன்டா. சுத்தமாகிற வரைக்கும் குடிக்கச் சொன்னே. தண்ணியாப் போச்சு, சுத்தமாயிடுச்சுன்னு ரெண்டாவது பாட்டிலைத் திறக்கவே இல்ல."

மேலாளர் விட்டத்தைப் பார்த்தார். நாளைக்கே திரும்பச் செய்யலாம், இன்றும் தெளிந்த திரவம் மட்டும்தான், மருந்தை மறுபடி முதலிலிருந்து குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் நாளும் பட்டினி.

வராந்தாவில் மகன் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், சுத்தமாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

அடித்துப் போட்ட வரியை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அசிங்கம் பார்க்காமல் ஃபோனில் முழுக்க எழுதிக்கொண்டார்.

"வீடியோவுலயும் சேத்துடலாமா சார்?"

"அது வேற விஷயம் சிஸ்டர்," என்றார். "அதை ஊரே பாக்குது."