மூன்றாம் பக்கம்

குறும்படம் எடுக்கிறவர்களுக்கு ஒப்பந்தம் என்றாலே அலர்ஜி. "நமக்குள்ள எதுக்குப் பேப்பர்?" என்பார்கள், படம் முடிந்ததும் அடித்துக்கொள்வார்கள். என் மனைவியின் தம்பி இயக்கிய பதினெட்டு நிமிடப் படத்துக்குத் தயாரிப்பு நிர்வாகியாக வந்த அன்றே நான் சொல்லிவிட்டேன், நடிகர்கள் கையெழுத்துப் போடாமல் கேமராவை எடுக்கக் கூடாது என்று. ஊருக்கு உபதேசம் செய்வதில் நான் குறை வைத்ததே இல்லை.

நாயகியாக நடித்தவர் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தார். அதனால் நாங்கள் அவரை 'டாக்டர்' என்று கூப்பிட்டோம். மற்ற நடிகர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். டாக்டர் நான்கு பக்கங்களையும் வீட்டுக்கு எடுத்துப் போய் மறுநாள் பென்சில் குறிப்புகளோடு வந்தார்.

முதல் பக்கத்தில் பெயர் விஷயம். படம் தொடங்கும்போது பெயர் காட்டுகிற முதல் அட்டையில் தனியாக வர வேண்டும், ஆனால் சொந்தப் பெயர் கூடாது, தான் தரும் பெயர்தான். இரண்டாம் பக்கத்தில் மூன்று நாள் படப்பிடிப்பு, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. விட்டுப்போனதை எடுக்க இன்னும் ஒரு நாள் வேண்டுமானால் மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும். சம்பளம் இப்போது கிடையாது. படம் விற்றால் வருகிற முதல் பணத்திலிருந்து முப்பது நாளுக்குள். இதற்கெல்லாம் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

மூன்றாம் பக்கத்தைத்தான் முழுக்க அடித்துவிட்டிருந்தார். படத்தை எங்கெல்லாம் காட்டலாம் என்கிற பக்கம் அது. 'எந்த ஊடகத்திலும், உலகம் முழுவதும், காலவரையின்றி' என்று நாங்கள் எல்லோருக்கும் ஒட்டுகிற வாசகத்துக்குப் பதிலாக, விழாக்களிலும் தனித் திரையிடல்களிலும் மட்டும் என்று எழுதியிருந்தார். இணையத்தில் படமோ, துண்டுக் காட்சியோ, ஒரு புகைப்படமோகூட வரக் கூடாது. வர வேண்டுமானால் அவர் தனியாக எழுதித் தர வேண்டும். மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்படியென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றார் டாக்டர். வேறு ஆள் இல்லை. அவர் எழுதியபடியே மாற்றி, இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருவரும் சுருக்கொப்பம் வைத்தோம். ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம்.

படம் ஏழு விழாக்களுக்குப் போனது. ஏழுக்கும் டாக்டர் வந்தார், ஆனால் உட்கார மாட்டார். விளக்கு அணையும் வரை கதவோரமாக நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார். "பாராட்டை வாசல்லயே வசூல் பண்ணிடுறாங்க" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகுதான் ஓர் இணையத் தளம் படத்தைக் கேட்டது. நல்ல விலை. சம்பளத்தைத் தள்ளிப்போட்ட பதினொரு பேருக்கும் கொடுக்கலாம். நடிகர் ஒப்பந்தங்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார் அவர்களுடைய வக்கீலம்மா. டாக்டரின் கைபேசி அணைந்தே கிடந்தது. பல் ஆஸ்பத்திரி பத்து நிமிட நடைதான். நான் போகவில்லை. போனால் மாட்டேன் என்பார் என்று தெரியும், அதுதான் உண்மை.

பழைய வாசகத்தோடு ஒரு மூன்றாம் பக்கத்தை அச்சடித்தேன். நிஜப் பக்கத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, புதியதை மேலே வைத்து, அவருடைய சுருக்கொப்பத்தைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாக வரைந்தேன். பணம் வந்தால் வேண்டாமென்றா சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மச்சானிடம் சம்மதம் கிடைத்துவிட்டது என்றேன்.

அனுப்பிய நிமிடத்திலிருந்து கைபேசி அடித்தால் எழுந்து நின்றுவிடுவேன். ஐந்தாம் நாள் தளத்தில் 'விரைவில்' என்று படத்தின் அறிவிப்பு வந்தது. அதில் டாக்டரின் முகம் மட்டும், திரை நிறைய.

மறுநாள் நண்பகலில் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. பல் பிடுங்க வந்த ஒருவர் அந்தப் படத்தைக் காட்டி, இது நீங்கள்தானே என்று கேட்டாராம். கையில் அவருடைய பிரதி இருந்தது.

"மூணாம் பக்கத்தக் காட்டுங்க."

எடுத்து வைத்தேன். இரண்டு மூன்றாம் பக்கங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. என் வேலை சுத்தமாகத்தான் இருந்தது, ஒப்பத்தை மட்டும் பார்த்தால் எது வரைந்தது என்று எனக்கே சொல்ல முடியவில்லை. நல்ல விலை, பதினொரு பேர், உங்களுக்கும்தான் என்று உளறினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, என் புருஷன் என்னத் தேடிட்டு இருக்கான். எனக்கு இது மூணாவது ஊரு. என் நம்பர் அவன் கைக்குப் போயிடுச்சு, அதான் அணைச்சு வெச்சிருக்கேன்."

வலது கையை மேசைமேல் வைத்துத் திருப்பப் பார்த்தார். மணிக்கட்டு பாதியில் நின்றுவிட்டது. படத்தில் அவர் இரண்டு கையாலும் டம்ளரைத் தூக்குகிற காட்சியை என்ன நடிப்பு என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு ஊரில் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். தாள்தான் மிச்சம் என்றார்.

"அப்புறம் எதுக்கு நடிக்க வந்தீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவனுக்குப் பயந்து மூச்சு விடுறதையும் நிறுத்திடணுமா?" என்றார். "அரங்கம்னா எண்பது பேரு. வாசல்ல நின்னு முகத்தப் பாத்துக்கலாம். போன்ல பாக்குறவங்கள எந்த வாசல்ல நின்னு பாக்குறது?"

அதுவரை நான் பயந்ததெல்லாம் எனக்காக. அவர் முன்னாலேயே வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன்.

"மூணாம் பக்கத்துல இருக்கறது அவங்க ஒப்பம் இல்ல. நான் வரைஞ்சது. மொதல்ல அந்தப் படத்த எடுத்துடுங்க, மத்தத அப்புறம் பேசுவோம்."

நாற்பது நிமிடத்தில் அறிவிப்பை எடுத்தார்கள். ஒப்பந்தம் ரத்தானது, அவர்களுடைய விளம்பரச் செலவை என்னிடம் கேட்டு நோட்டீஸ் வந்தது. மச்சான் என்னோடு பேசுவதில்லை. மனைவி பேசுகிறாள், தேவைக்கு மட்டும். அதெல்லாம் நான் தேடிக்கொண்டது. ஆனால் அந்த முகம் பத்தொன்பது மணி நேரம் அங்கே இருந்தது. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

டாக்டர் மறுவாரமே பல் ஆஸ்பத்திரியை விட்டார். போகுமுன் ஒரு தாளில் எழுதி இருவரும் சுருக்கொப்பம் வைத்தோம்: முதல் அட்டையில் இனி எந்தப் பெயரும் வேண்டாம். படத்தையும் நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது நான் நடித்தது, விழாக்களுக்கு ஓடட்டும் என்றார். எந்த ஊருக்குப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. புதிய நம்பரும், கணவனின் புகைப்படம் ஒன்றும் கொடுத்தார்.

எட்டாவது விழாவில் நான்தான் வாசலில் நின்றேன். அந்த முகத்தை மனப்பாடம் செய்திருந்தேன். வந்தவர்களில் அவன் இல்லை. விளக்கு அணைந்தது. பெயர் இருந்த இடத்தில் நான்கு விநாடி வெறும் கறுப்பு ஓடியது. பிறகு அவர் இரண்டு கையாலும் டம்ளரைத் தூக்கினார்.

படம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் என்னிடம் நின்றான். நல்ல மரியாதையான பையன், நான் முன்பின் பார்த்ததில்லை.

"சார், இதுல நடிச்சவங்க பேரே போடலையே. அவங்க இப்ப எந்த ஊர்ல இருக்காங்க?"

தெரியாது என்றேன். அது உண்மைதான். பரவாயில்லை என்று சிரித்துவிட்டு, நடந்துகொண்டே கைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டான். ரசிகனாக இருக்கலாம். படம் நன்றாயிருந்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். அவன் தெருமுனை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு டாக்டரின் புதிய நம்பரை அடித்தேன். அது அணைந்திருந்தது.