மோரிப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

குணபூசணிக்கு யாரையும் வேலை ஏவத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் ஆறு வருடமாக ஆசிரியை. கரும்பலகையைத் துடைக்கச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவாள். அது எழுந்து வருவதற்குள் தானே துடைத்துவிடுவாள்.

அதனால்தான் 1935ஆம் வருடம் மார்ச் மாதம் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, சின்ன வகுப்புகளின் பொறுப்பாசிரியை வருடக் கடைசியில் ஊருக்குப் போகிறார், அந்த இடத்துக்கு நீ வருகிறாயா என்று கேட்டபோது அவள் உடனே தலையாட்டவில்லை. அந்த இடத்துக்குப் போனால் அவளுக்குக் கீழே நான்கு ஆசிரியைகள். அதில் இரண்டு பேர் அவளைவிட மூத்தவர்கள். ஆகஸ்டில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த மாதம் மாதர் சங்கக் கூட்டம். வருடா வருடம் பெண்களும் பிள்ளைகளுமாக மோரிப் கடற்கரைக்குப் போய்வருவார்கள். இந்த வருடம் யார் முன்னின்று நடத்துவது என்று செயலாளர் கேட்டார். ஒருத்தரும் முன்வரவில்லை. போன வருடம் நடத்திய கனகேஸ்வரியக்காவை, சோறு குழைந்துபோனதிலிருந்து ஒரு பிள்ளையின் செருப்புத் தொலைந்தது வரைக்கும் ஆறு மாதம் குறை சொன்னார்கள். குணபூசணி கையைத் தூக்கினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். ரயில்வே கந்தோரில் எழுத்தராக இருந்த முத்துக்குமாரு சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"நீரோ?"

"நான்தான். ஏன் சிரிக்கிறியள்?"

"சிரிக்கேல்லை. கடைக்காரனிட்டை மிச்சச் சில்லறை கேக்கவே என்னை அனுப்புற ஆளெல்லோ நீர்."

"அதுக்குத்தான் கேட்டு எடுத்தனான். பள்ளிக்கூடத்திலை நான் பிழை விட்டால் பிள்ளையளின்ரை ஒரு வருசம் போயிடும். இதிலை பிழைச்சால் ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே போகும்? எனக்கு வருமோ வராதோ எண்டு பாத்திட்டுப் பதில் சொல்லுறன்."

முத்துக்குமாரு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். "நல்ல யோசனை," என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

முதல் மூன்று வாரம் அவள் தன் வழக்கப்படியே செய்தாள். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினாள். லோரிக்கு அலைந்தாள். ஐம்பத்திரண்டு பேருக்கு என்ன சமைப்பது என்று தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதே கண் சொருகியது.

பிறகு நடந்த கூட்டத்தில் திட்டத்தை வாசித்தாள். பவுனம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். ரயில்வே போர்ட்டர் ஒருவரின் மனைவி அவள். வளர்ந்தது போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில்.

"அன்னிக்கு எத்தனை மணிக்குத் தண்ணி ஏறும், டீச்சர்?"

குணபூசணிக்கு விளங்கவில்லை.

"மோரிப்ல தண்ணி வத்திடுச்சுன்னா கடல் கண்ணுக்கெட்டாத தூரம் போயிடும்லா. வெறும் சேறுதான். புள்ளைங்க எதுல குளிக்கும்?"

ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். குணபூசணியின் காது சூடானது. வழக்கமாக இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இரவெல்லாம் முழித்துத் தானே விசாரித்திருப்பாள்.

"எனக்கு அது தெரியாது, பவுனம்மாக்கா," என்றாள். "நீங்கள் பாத்துச் சொல்லுறியளோ? கடல் சம்பந்தமான எல்லாத்தையும் நீங்களே பொறுப்பெடுங்கோ. போற நாளையும் நீங்களே குறியுங்கோ."

பவுனம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான்கு நாளில், துறைமுகத்தில் வேலை பார்க்கும் அண்ணனிடம் கேட்டு, ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு வந்தாள். பதினொரு மணிக்குக் கடல் முழுக்க ஏறி நிற்கும். ஒரு மணிக்கு மேல் இறங்கிவிடும்.

அது கொடுத்த தைரியத்தில், தான் இத்தனை நாள் ஒதுங்கிப் போன கனகேஸ்வரியக்காவின் வீட்டுக் கதவையும் தட்டினாள். போன வருடம் என்னென்ன பிழையாகப் போனது என்று கேட்டாள்.

கனகேஸ்வரி பாயை விரித்து அவளை உட்கார வைத்தாள். "எல்லாரும் எனக்குச் சொன்னவையள். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை," என்றாள். பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். குணபூசணி இரண்டு பக்கம் எழுதினாள். திரும்பும்போது சமையல் பொறுப்பு முழுவதும் கனகேஸ்வரியிடம் இருந்தது. புளிச்சோறா தயிர்ச்சோறா என்றுகூடக் குணபூசணி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு லோரிகள் புறப்பட்டன. கிள்ளான் வரைக்கும் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள். தெலுக் பங்லிமா காராங் தாண்டுமுன் பின்னால் வந்த லோரி நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகையாக ஆவி கிளம்பியது. ஓட்டுநர் பாலன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.

"ரேடியேட்டர் ஓட்டை, அக்கா. இது இன்னிக்கு ஓடாதுலா."

மணி எட்டரை. முன்னால் போன லோரியும் நின்றது, எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி திரும்பிப் போய்விடலாம் என்றாள். ஒருத்தி எல்லாரும் ஒரே லோரியில் நெருக்கி ஏறலாம் என்றாள்.

"நெருக்கி ஏத்தக் கூடாது," என்றாள் குணபூசணி. "பிள்ளையள் முப்பது பேரும் முதல் லோரியிலை. கைப்பிள்ளைக்காரர் ஆறு பேர் கூடப் போங்கோ. பவுனம்மாக்கா, நீங்களும் போங்கோ, கடலிலை நீங்கள் சொல்லுறதுதான் சட்டம். சாப்பாடும் அவையோடை போகட்டும். லோரி திரும்பி வந்து எங்களை ஏத்தும்."

"சாப்பாடோ?" கனகேஸ்வரியின் குரல் உயர்ந்தது. "மூண்டு மணிக்கு எழும்பிச் சமைச்சது நான். நான் இஞ்சை றோட்டிலை நிக்க, ஆர் அதைப் பரிமாறுறது? லோரி வரேக்கை கடலும் வத்திப்போம்!"

"ஓமக்கா. எங்களுக்குக் கடல் கிடையாமல் போகலாம். பிள்ளையளுக்குக் கிடைக்கும். சோறும் உங்கடைதான், ஆர் பரிமாறுறதெண்டு நீங்களே சொல்லுங்கோ."

கனகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் லோரி கிளம்பும்போது பின்னால் ஓடி, "ஊறுகாயைச் சின்னனுகளுக்குக் குடுக்காதையுங்கோ!" என்று கத்தினாள்.

குணபூசணியின் கால் தானாகவே அந்த லோரிப் பக்கம் போனது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும்போது தான் அங்கே நிற்க வேண்டாமா? பவுனம்மாள் லோரியிலிருந்து கையை அசைத்தாள். குணபூசணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

மிஞ்சிய பதினைந்து பேரும் ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கனகேஸ்வரி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாலன் பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து இளநீர் வாங்கிவந்தபோது, முதல் இளநீரைக் குணபூசணியிடம் நீட்டி, "குடியும்," என்று மட்டும் சொன்னாள்.

லோரி திரும்பி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு மோரிப் சேர்ந்தபோது மணி ஒன்றை நெருங்கியது. கடல் இறங்கத் தொடங்கியிருந்தது. அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் சாம்பல் நிறச் சேறு வெகுதூரம் விரிந்து கிடந்தது. ஆனால் முப்பது பிள்ளைகளும் ஈரத் தலையோடு ஓடி வந்தார்கள். பவுனம்மாள் இடுப்பளவுக்கு மேல் ஒருவரையும் விடவில்லையாம். குழந்தைகள் அவளைப் பற்றி ஆயிரம் புகார் சொன்னார்கள். குணபூசணிக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

கனகேஸ்வரி சேற்றின் ஓரம் வரைக்கும் நடந்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கணுக்கால் வரைக்கும் புதைந்தது. "ஐயோ, குளிருது!" என்று சின்னப் பிள்ளைபோல் கூவினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். சேற்றில் வழுக்கி உட்கார்ந்தது மூன்று பேர். அதில் ஒருத்தி குணபூசணி.

அடுத்த கூட்டத்தில் குறைகளும் வந்தன. கடலில் கால் நனைக்காமலே வந்தோம் என்றார் ஒருவர். குணபூசணி எழுந்து, லோரியை முன்கூட்டியே ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லாதது தன் பிழை என்றாள். பவுனம்மாளுக்கும் கனகேஸ்வரிக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். உட்கார்ந்த பிறகுதான், தான் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஆகஸ்டு முதல் வாரம் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். "பொறுப்பை எடுக்கிறன்," என்றாள். "ஆனால் அதுக்கு முதல் அந்த இரண்டு மூத்த டீச்சர்மாரோடையும் நான் கதைக்க வேணும். அவையளுக்கு என்ன தெரியுமெண்டு எனக்கு இன்னும் தெரியாது."

அன்று மாலை முத்துக்குமாரு ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் அல்வா வாங்கிவந்தார். பிரித்து ஒரு துண்டை அவள் கையில் வைத்தார். அவள் எழுந்து தட்டு எடுக்கப் போனவள், பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"தட்டை நீங்கள் எடுங்கோவன்," என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே எடுக்கப் போனார்.