எட்டு மூட்டை மாவுக்கு ஒரு கிரெடிட் நோட்

பலாங்கொடையில் உள்ள ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சேர்ந்து ஏழு மாதம்தான். ஆனாலும் ஐயாவு அண்ணன் பில்லை மேசையில் வைத்ததும் எல்லாம் தெரிந்தவள் போலப் பேசத் தொடங்கினேன். அந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மலைமேலுள்ள தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு சின்னக் கடை. எங்கள் லொறி அங்கே ஏறாது. கீழ்ச் சந்தியில் சாமானை இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அவரும் எதையும் பிரித்துப் பார்க்காமல், "நல்ல நிலையில் கிடைத்தது" என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலே கொண்டுபோய்ப் பார்த்தால் எட்டு மூட்டை மா நனைந்து கட்டியாகியிருந்தது. அதற்கான முப்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாயை அவராகவே கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினார். எங்கள் கணக்கில் அது பாக்கியாகவே நின்றது. இரண்டு மாதம் பார்த்துவிட்டுச் சாமான் அனுப்புவதை நிறுத்திவிட்டோம். அவர் பில்லோடு வந்தபோது தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. அவர் கடையில் மாவும் இல்லை, பால்மாவும் இல்லை.

"கெட்டுப்போன மாவுக்கு எதுக்குங்க காசு?"

"அப்படி நீங்களா கழிக்க ஏலாது அண்ணன். நீங்க எங்களுக்கு எழுதுறது டெபிட் நோட். இவ்வளவு சாமான் பழுது, இவ்வளவு குறைங்கன்னு கேக்குறது. அத நாங்க ஏத்துக்கிட்டுக் கிரெடிட் நோட் தந்தாத்தான் பாக்கி குறையும். அதுவரைக்கும் முழுக் காசும் நிக்கும்."

"அப்ப இப்பவே எழுதுங்க மிஸ்."

பில் இலக்கம், திகதி, எட்டு மூட்டை, தொகை, காரணம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்திட்டார். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"மூட்டைய பத்திரமா வச்சிருக்கீங்கதானே? எங்க ஆள் வந்து பாத்தாத்தான் கிரெடிட் நோட் போடுவாங்க."

அவர் திகைத்துப்போனார். "நீங்கதானே மிஸ் போன்ல சொன்னீங்க, நாத்தம் அடிச்சா வச்சிருக்காதீங்க, கொட்டிருங்கன்னு?"

சொன்னேன்தான். சாப்பாட்டு நேரத்தில் வந்த அழைப்பு அது. யாரிடமும் கேட்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

உள்ளே போனோம். மாவைக் கொட்டிவிட்டதை ஐயாவு அண்ணன் சொல்ல, ஷிராஸ் முதலாளி டெபிட் நோட்டை ஒரே மூச்சில் படித்தார். "மாவும் இல்ல, போட்டோவும் இல்ல. நல்லா கெடச்சதுன்னு ஒங்க கையெழுத்துதான் இருக்கு. எத வச்சு நான் கிரெடிட் நோட் போடுற? யாரு கொட்டச் சொன்ன?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாப்பாவின் மருந்துச் செலவு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. திறக்கவில்லை.

ஐயாவு அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் கொட்டுனேன்."

முதலாளி டெபிட் நோட்டின் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். முழுப் பாக்கியும் கட்டும்வரை சாமான் இல்லை என்றார். ஐயாவு அண்ணனிடம் அந்தப் பணம் இல்லை.

வாசல்வரை பின்னாலேயே போனேன்.

"விடுங்க மிஸ், ஒங்களுக்கும் வேல வேணும்ல," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

தீபாவளிக்கு அந்தக் கடை திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.