ஆறு பீப்பாய் சூரியகாந்தி

"கட்டிக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு, பாருங்க," என்று கடைக்காரர் பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். சோப்புகளின் மேல் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். எதனால் என்று பார்த்தவுடனே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

தம்பி தன் மனைவி பக்கம் திரும்பினான். "என்னத்தக் கலந்த?"

"எப்பவும் கலக்குறதுதாங்க. சோடாக் காரத்த ரெண்டு தடவ எடை போட்டேன்."

அந்தப் பட்டறையில் சோப்புக் கலப்பது தம்பி மனைவி; எண்ணெய் வாங்குவது அக்கா. உறையில் அச்சிட்டிருப்பது அக்கா தம்பி இருவரின் அப்பா பெயர்.

போன வருடம் சூரியகாந்தி எண்ணெய் விலை இரண்டு மடங்காகி அவர்களை ஆட்டிவைத்தது. அது இறங்கிய அன்றே அக்கா ஆறு பீப்பாய் வாங்கி அடுக்கினாள். மாதம் ஒன்றுதான் செலவாகும்.

"அண்ணி, இது சீக்கிரம் காறிப்போகும். ஷியா பட்டர் மாதிரி கெட்டிக் கொழுப்புன்னா வருஷத்துக்கும் வாங்கி வைக்கலாம். இதுக்கு மூணு மாசத்துக்கு ஒரே விலையாப் பேசி வச்சுக்கிட்டு, மாசம் ஒண்ணா எடுப்போமே," என்று தம்பி மனைவி அப்போதே சொன்னாள்.

"மாசாமாசம் எண்ணெய்க்காரன் வாசல்ல போய் நிக்கிற குடும்பமா நாம?" என்று அக்கா அவள் வாயை அடைத்தாள்.

ஐந்தாவது பீப்பாயைத் திறந்தபோது பழைய பெயின்ட் வாடை அடித்தது. சந்தையில் விலை மறுபடியும் ஏறியிருந்தது. கொட்டினால் தோற்றுப்போனதாக ஊர் பேசும். புது எண்ணெய் கொஞ்சம் வாங்கி, யாரும் இல்லாத நேரத்தில் இரண்டையும் கலந்து வைத்தாள். சோப்பில் போடும் வாசனைத் தைலம் வாடையை அமுக்கிவிட்டது. காயும்போது புள்ளி வந்துவிட்டது.

"கை தவறியிருக்கும். இனி இவ தொட மாட்டா, வேற ஆள் வைக்கிறேன்," என்றான் தம்பி.

அவன் மனைவி தராசை எடுத்து வந்து கடைக்காரர் முன் வைத்து, அதன்மேல் படிக்கல்லை வைத்தாள். முள் சரியாக நின்றது. கல்லை எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்துக் காட்டினாள்.

அப்பா பெயரைக் காப்பாற்றத்தான் வாயை மூடியிருக்கிறேன் என்று அதுவரை அக்கா நினைத்திருந்தாள். அவள் இரண்டாவது தடவையும் கல்லை வைத்துக் காட்டியதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. உள்ளே போய்ப் பீப்பாய் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"மோந்து பாருங்க. அவ கை தவறல. காறிப்போன எண்ணெய், தெரிஞ்சேதான் கலந்தேன்."

கடைக்காரர் மூக்கைச் சுளித்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"மிச்சம் எவ்வளவு இருக்கு அண்ணி?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"ஒண்ணரைப் பீப்பாய்."

"தனியா எடுத்து வைங்க. இனிமே ஒரு சொட்டுகூட சோப்புல விழக்கூடாது."

அக்கா தலையாட்டினாள். பிறகு எண்ணெய்க்காரரைப் போனில் அழைத்தாள். "மூணு மாசத்துக்கு ஒரே விலை பேசணுங்க. மாசம் ஒரு பீப்பாய்," என்றாள். எதிரே தம்பி மனைவி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.