டிராக்டர் வாங்கியவர்கள்

திலகவதிக்கு இந்த முறை பாஸாகியே தீர வேண்டும். தபால்வழி பி.பி.ஏ. படிப்பில் அவளுக்கு மிச்சமிருந்தது நுகர்வோர் நடத்தை என்கிற ஒரே ஒரு பேப்பர். பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டது. பழைய பாடத்துக்கு இந்த ஜூன் மாதத் தேர்வுதான் கடைசி என்று கடிதம் அனுப்பியிருந்தார்கள். இதைக் கோட்டைவிட்டால் பட்டமே கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனியில் விற்பனைப் பிரிவுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். "டிகிரியோட வந்தா மாடிக்கு வா, இல்லாங்காட்டி கீழயே பசை தடவு" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவளோடு பெட்டி ஒட்டும் சாராளுக்கும் அதே பேப்பர்தான் பாக்கி. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து இருவரும் படிப்பார்கள். சாராளுக்கு மனப்பாடம் வரும், விளங்காது. திலகவதிக்கு விளங்கிவிட்டால் போதும்.

"குறிப்புக் குழு, குறிப்புக் குழுன்னு கத்திகினே இருக்க. அது இன்னான்னு சொல்லித் தொலையேன்" என்றாள் சாராள்.

"நாம எதுனா வாங்கறப்ப யாரைப் பாத்து அளந்துக்கிறோமோ அவங்க. நாம உள்ள இருக்கிற கூட்டமும் உண்டு, அவங்கள மாதிரி ஆவணும்னு நினைக்கிற கூட்டமும் உண்டு, அந்தப் பக்கமே தலை வெக்கக்கூடாதுன்னு ஒதுங்கற கூட்டமும் உண்டு. எங்க ஊட்டையே எடுத்துக்கயேன். மாமாவுக்கு டிராக்டர் பித்து புடிச்சிருக்கு."

"உங்க மாமனாருக்கா? செருப்பே தேய்ஞ்சு கால் தரையில படுதுன்னு சொன்ன."

"அதான் சொல்றேன். எங்க கெணத்து மோட்டாரு இன்னா கம்பெனின்னு இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டிருப்பானா? அது உள்ள கெடக்குது. டிராக்டர் தெருவுல போவும். நாலு பேரு கண்ணுல படற சாமானுக்குத்தான் அந்தக் கூட்டத்தோட செல்வாக்கு ஜாஸ்தி. எதிர்த்த ஊட்டு ஆதிநாராயணன் அறுப்பு முடிஞ்சு ஒண்ணு எறக்கினாரு. அன்னிலேர்ந்து மாமாவுக்குச் சோறு எறங்கல."

சாராள் விழுந்து விழுந்து சிரித்தாள். "குடும்பம்?"

"குடும்பத்துல அஞ்சு வேலை இருக்கு. பேச்சை எடுக்கிறவரு, தூபம் போடறவரு, முடிவெடுக்கிறவரு, போய் வாங்கறவரு, பயன்படுத்தறவரு. ஒரே ஆளு ரெண்டு மூணும் பண்ணலாம். பண்பாடுன்னா வளந்த வளப்புல ஒட்டிகினது. நல்ல நாளு பாக்கறது, பூசை போடறது எல்லாம் அதுல வரும். உதாரணத்தோட எழுதினா முழு மார்க்குடி."

டிராக்டர் எடுக்க மாமனார் ராஜமாணிக்கம் குறித்துவந்த முகூர்த்த நாளும் தேர்வு வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக வந்து தொலைத்தன.

திலகவதி மாமனாரிடம் நேராகப் பேச மாட்டாள். அன்று வர முடியாது என்று புருஷன் அன்புராஜிடம் சொன்னாள். அவன் அம்மாவிடம் சொன்னான். பூவம்மாள் மருமகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி எடுத்தாள்.

"நீ இல்லாம எப்டிம்மா? நீ தேங்கா ஒடச்சதுக்கு அப்பாலதான் போர்ல தண்ணி வந்துச்சி. அதுக்கு மின்ன மூணு எடத்துல தோண்டி மண்ணுதான வந்துச்சி? உன் கைராசிதான் இந்த ஊட்டுக்கு. நீ பொட்டு வெக்காத வண்டிய உங்க மாமா தொடவே மாட்டாரு."

வைதிருந்தால் திலகவதி எதிர்த்து நின்றிருப்பாள். இப்படிக் கொண்டாடினால் என்ன சொல்வது? சின்ன மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவளைத்தான் முன்னால் நடக்க விட்டார்கள்.

"ஒம்பதுக்கெல்லாம் வண்டியக் குடுத்துடுவாங்க" என்றான் அன்புராஜ். "ஷோரூம் மணவாள நகர்ல. பரிட்சை பத்து மணிக்கு, ஸ்கூலும் திருவள்ளூர்லயே. எட்டி வெச்சா வந்துடும். நானே கொண்டாந்து உடறேன்."

அவள் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஷோரூம் வாசலில் சிவப்பு டிராக்டர் மாலை போட்டுக்கொண்டு நின்றது. தட்டில் தேங்காய், கற்பூரம், சக்கரத்துக்கடியில் வைக்க எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். திலகவதி ஹால் டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு குங்குமத்தைக் குழைத்தாள். ராஜமாணிக்கம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார்.

"மேல கூரை எங்க?"

"அது தனி அயிட்டம்ங்க. நீங்க கேக்கலியே" என்றான் ஷோரூம் பையன்.

"ஆதிநாராயணன் வண்டில இருக்குது."

"அவரு கேட்டு வாங்கினாருங்க. நாளைக்கு வந்தீங்கன்னா மாட்டிக் குடுத்துடறோம்."

"மொட்டை வண்டியத் தெருவுல ஓட்டிகினு போகச் சொல்றியா? கூரை மாட்டு. அப்பாலதான் பூசை."

கூரை குடோனில் இருந்தது. குடோன் சாவி வைத்திருந்தவர் வீட்டில் இருந்தார். அவர் வந்தபோது மெக்கானிக் நாஷ்டாவுக்குப் போயிருந்தான். அன்புராஜ் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். திலகவதி பூவம்மாளின் காதருகே, "அத்தை, பொட்டை மட்டும் இப்பவே வெச்சிட்டுப் போயிடறேன்" என்றாள்.

"கொற வண்டிக்கா? ஒரு பத்து நிமிஷம் பொறும்மா. அவர் மொகத்தப் பாரு, கொழந்த மாதிரி நிக்கிறாரு."

அவர் அப்படித்தான் நின்றிருந்தார். அண்ணாந்து, போல்ட் முடுக்குவதையே பார்த்துக்கொண்டு. திலகவதிக்கு ஒவ்வொன்றும் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று தெரிந்தது. கூரை, குறிப்புக் குழு. குங்குமம், பண்பாடு. விளங்கி என்ன பயன்? கால் நகரவில்லை. "நான் போறேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓட வேண்டியதுதான். நாளைக்கு வண்டி எங்காவது சாய்ந்தால் அந்த இரண்டு வார்த்தைதான் சாய்த்தது என்பார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் அவளே அப்படித்தான் நினைப்பாள்.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்புராஜ் மோட்டார் பைக்கை விரட்டியும் பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது தேர்வு தொடங்கி அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண்காணிப்பாளர் கேட்டுக்கே வந்தார். கோபப்படவில்லை.

"அரைமணிக்கு அப்பால உள்ள உடக்கூடாதும்மா. வராதவங்க கணக்கை முடிச்சு கையெழுத்தும் போட்டாச்சு. அடுத்த தபா எழுது."

"அடுத்த தபா இல்லிங்க சார்."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அன்புராஜ், "எல்லாம் அந்தக் கூரையால..." என்று தொடங்கினான். அவள் கையால் நிறுத்தினாள். "நீங்க போங்க. வண்டி ஊருக்குள்ள நொழையும்போது நீங்க இல்லன்னா மாமா தேடுவாரு. நான் பஸ்ல வரேன்." அவன் தயங்கினான். பிறகு போனான்.

பள்ளி மதிலை ஒட்டியிருந்த புங்கமர நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்கு மணி அடித்தது. சாராள் கூட்டத்தோடு துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"திலகா! எங்கடி உக்காந்த, உன் பெஞ்சு காலியா கெடந்துச்சி? வேற ரூம்ல போட்டாங்களா? பாத்தியா, அதே கேள்வி! பண்பாடு, குடும்பம், குறிப்புக் குழு, உதாரணத்தோட. இருவது மார்க்கு!" சொல்லிக்கொண்டே வந்தவள் திலகவதியின் முகத்தைக் கண்டு நின்றாள்.

"உள்ள உடல" என்றாள் திலகவதி. "லேட்டாயிடிச்சி."

சாராள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உதாரணம் இன்னா எழுதின?" என்று திலகவதியே கேட்டாள்.

சாராள் கேள்வித்தாளை மடித்தாள், பிரித்தாள். "எனக்கு வேற எதுவுமே வரலடி. உங்க டிராக்டரைத்தான் எழுதினேன். எதிர்த்த ஊடு, கெணத்து மோட்டாரு, எல்லாம் நீ சொன்ன மாதிரியே. கோச்சிக்காத."

"நல்லது. முழு மார்க்கு வரும். அஞ்சு பேரையும் எழுதினியா?"

"எழுதினேன். பேச்சை எடுத்தது உன் கொழுந்தன். தூபம் போட்டது உங்க அத்தை. முடிவு உங்க மாமா. வாங்கினது, ஓட்டறது ரெண்டும் உன் ஊட்டுக்காரரு. சரிதான?"

"சரிதான். என்னை எதுல போட்ட?"

சாராள் உண்மையாகவே யோசித்தாள். விரல் விட்டு எண்ணியும் பார்த்தாள்.

"உன்னை எதுலயும் போடலடி" என்றாள். "நீ அதுல வரவே இல்லியே."

ஊருக்குப் போகிற பஸ் வந்து நின்றது. சாராள் முதலில் ஏறி, ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டாள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் பசை வாளி கரைக்க வேண்டிய முறை யாருடையது என்று திலகவதி கேட்டாள். சாராள் தன்னுடையது என்றாள். அது திலகவதியின் முறை என்று இருவருக்கும் தெரியும்.