நரசாபுரா ஜாம்

மரியகுழந்தையின் டெம்போ டிராவலர் தினமும் காலை ஐந்து மணிக்கு கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும். பன்னிரண்டு பேர் ஏறுவார்கள். எல்லாருக்கும் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை. பங்காரப்பேட்டை வருவதற்குள் பன்னிரண்டு பேரும் தூங்கிவிடுவார்கள். கண் திறந்தால் ஹோஸ்கோட்டைத் தாண்டி, லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவே வண்டி நின்றுகொண்டிருக்கும். அங்கிருந்து பெங்களூரைத் திட்டிக்கொண்டே போய் ஒன்பதேகாலுக்கு இறங்குவார்கள்.

ரெபேக்காவின் ஆபீஸ் எட்டரைக்கு. ஏன் லேட் என்று சூப்பர்வைசர் இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டார். மூன்றாவது முறை கேட்க மாட்டாராம்.

"அண்ணா, இந்த மாசம் பாப்போம்," என்றாள் ரெபேக்கா. "இல்லன்னா நாங்க எல்லாரும் கோரமண்டல் ஸ்டேஷன்ல ரயில் ஏறிடுறோம். நின்னுகினு போனாலும் நேரத்துக்கு போவோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பன்னிரண்டு பேர் போய்விட்டால் டெம்போ டிராவலரை வைத்துக்கொண்டு மரியகுழந்தை என்ன செய்வார்? வேறு ஆள் பிடிக்கலாம்தான். ஆனால் இப்படித் தூங்குகிற ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். அது அவருக்கு மட்டும் தெரிந்த கவலை.

நான்காவது சீட்டில் உட்காரும் கிரண்தான் வழி சொன்னான். ஏதோ கம்பெனியில் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை.

"வண்டியில டிராக்கர் கீதே அண்ணா. மணிக்கு மணி சராசரி ஸ்பீடு எழுதும். அத எடுத்துப் பாத்தா எந்த நேரத்துல ரோடு அடைக்குதுன்னு தெரிஞ்சிடும். அந்த நேரத்த விட்டுட்டு கிளம்பலாம்."

மரியகுழந்தை கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "அது ரிப்பேரு தம்பி."

"நல்லாத்தான் கீது. பச்ச லைட்டு எரியுதே."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் கூடினார்கள். கிரண் போனைத் திருப்பிக் காட்டினான். ஐந்திலிருந்து ஆறு வரை மணிக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர். ஏழிலிருந்து எட்டு வரை முப்பத்திரண்டு. எட்டுக்கு மேல் பதினொன்று.

"பதினொன்னு பெங்களூரு. அது ஊரறிஞ்ச கத," என்றான் கிரண். "ஆனா ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் பாருங்க. நாலு."

"நாலா?"

"மணிக்கு நாலு கிலோமீட்டர். மனுசன் நடந்தா இத விட வேகமா போவான். எடம் நரசாபுரா, கோலார் தாண்டி."

காலை ஆறு மணிக்கு நரசாபுராவில் அப்படி என்ன கூட்டம் என்று ஒருவர் கேட்டார். மரியகுழந்தை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது ஐடா அக்கா. ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறவர், வண்டியில் மூத்தவர்.

"இன்னா கேள்வி இது? அங்க எத்தினி ஃபாக்டரி கீது. ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும். எங்கப்பா ஷிஃப்ட் முடிஞ்சி சுரங்கத்துலேர்ந்து கேஜ்ல மேல வர நேரத்துல சாம்பியன் ரீஃப்ல ஒரு சைக்கிள் போவ முடியாது."

ஷிஃப்ட் என்ற சொல் விழுந்ததும் அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. தங்கவயலில் அதற்கு மேல் யாரும் காரணம் கேட்பதில்லை.

"நாலு மணிக்கு கிளம்பினா ஷிஃப்ட் மாறதுக்கு முன்னாடி நரசாபுராவ தாண்டிடலாம்," என்றான் கிரண். "ஏழுக்கு முன்னாடி ஒயிட்ஃபீல்டு. எட்டு மணிக்கு மேல வர அந்தப் பதினொன்னு நம்ம மேல படவே படாது."

கணக்கு சரிதான். அதில் சேராத ஒன்று மட்டும் இருந்தது. நரசாபுராவில் ஜாம் கிடையாது. மரியகுழந்தை தூங்குவார்.

வீட்டில் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பார். இன்ஜின் சத்தமும், ஸ்டியரிங்கின் நடுக்கமும், பின்னால் பன்னிரண்டு பேரின் குறட்டையும் சேர்ந்தால்தான் வரும். கோலார் தாண்டியதும் கண்ணைச் செருகும். ஓட்டிக்கொண்டே தூங்குகிற துணிச்சல் அவருக்கு இல்லை. அதனால் நரசாபுராவில் ஒரு மூடிய பெட்ரோல் பங்க்கின் ஓரம் ஒதுக்கி, ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிடுவார். இன்ஜினை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் அந்த அமைதியில் எல்லாரும் விழித்துவிடுவார்கள். வண்டி மேற்கே பார்த்து நிற்கும். ஏழு மணி வாக்கில் முதுகுப் பக்கம் சூரியன் ஏறி, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பட்டு அவர் முகத்தில் குத்தும். எழுந்து ஓட்டுவார்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்திருந்தால் டிராக்கரும் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்திருக்காது. அது மரியகுழந்தைக்குத் தெரியாது. இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. எந்திரத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பூஜ்யம் பூஜ்யமாக எழுதிக்கொண்டே வந்தது.

திங்களன்று நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். ஐந்துக்கு நரசாபுரா. இன்னும் சீக்கிரம் எழுந்ததால் தூக்கம் இன்னும் கனமாக வந்தது. சூரியனோ எப்போதும் போல ஏழுக்குத்தான் வந்தது. ஒன்பதேகாலுக்கு இறங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை கிரண் போனைத் திறந்து பார்த்துவிட்டு, வாய் பிளந்தான்.

"அஞ்சுலேர்ந்து ஆறு, மூணு. ஆறுலேர்ந்து ஏழு, ரெண்டு. ஜாம் முன்னாடி வந்துடுச்சிக்கா!"

"ஷிஃப்ட்ட மாத்திட்டானுங்க," என்றார் ஐடா அக்கா. "பாவம், அஞ்சு மணிக்கே."

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். ஜாம் நான்கு மணிக்கே தொடங்கியது. இன்னும் ஃபாக்டரி கட்டுகிறார்கள் போல என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரம் இரண்டு மணி என்று கைதூக்கி முடிவானது. ஒரு வாரமாக ராத்திரியும் பகலும் தெரியாமல் வாழ்ந்த ரெபேக்கா, கையைத் தூக்கிய நிலையிலேயே தூங்கிப்போனாள்.

ஒவ்வொரு முறையும் மரியகுழந்தை சொல்லிவிட நினைத்தார். வாய் வரவில்லை. தூங்குகிற டிரைவரின் வண்டியில் யார் ஏறுவார்கள்?

"ஆனா ஒன்னு," என்றான் கிரண். "சராசரிய நம்பக் கூடாது. ஜாம கண்ணால பாக்கணும். நாளைக்கி நான் தூங்க மாட்டேன்."

மறுநாள் மரியகுழந்தை ஓட்டியது போல அவர் என்றைக்கும் ஓட்டியதில்லை. ஒரு கண் ரோட்டில், ஒரு கண் கிரண் மேல். கிரண் நிமிர்ந்து உட்கார்ந்து போனைப் பிடித்திருந்தான். பங்காரப்பேட்டை ரயில்வே கேட்டில் போன் மடியில் விழுந்தது. மரியகுழந்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பொறுப்பை ஐடா அக்கா ஏற்றார். ஃபிளாஸ்க் நிறைய காபி கொண்டு வந்தார். கோலார் வரை குடித்தார். அதன் பிறகு தூக்கத்தில் அவர் வாயும் திறந்துகொண்டது.

ஆனால் குடித்த காபி தன் வேலையைச் செய்யாமல் விடவில்லை. நரசாபுராவில் ஐடா அக்கா அவசரமாக விழித்தார். இன்ஜின் ஓடுகிறது. வண்டி நிற்கிறது. முன்னால் கண்ணுக்கு எட்டின தூரம் வரை காலி ரோடு. ஒரு நாய் அதைக் கடக்க வந்து, நடுவில் நின்று சொறிந்துகொண்டு, அந்தப் பக்கம் போனது. ஸ்டியரிங் மேல் மரியகுழந்தை.

"யோவ்," என்று தோளில் தட்டினார். "இன்னாய்யா இது?"

மரியகுழந்தை கண் திறந்தார். அக்காவைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார்.

"ஜாம்க்கா."

ஐடா அக்கா ரோட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கடைசி ஆளைக் கூட விடாமல் தட்டி எழுப்பினார்.

அந்த மூடிய பெட்ரோல் பங்க்கின் முன்னால், இருட்டில், கூட்டம் நடந்தது. மரியகுழந்தை எல்லாவற்றையும் சொன்னார். குளிரில் நின்றுகொண்டு கேட்டார்கள்.

"அப்ப அந்த ஜாம்...?" என்றான் கிரண்.

"நான்தான் தம்பி."

"ஃபாக்டரி ஷிஃப்ட்?"

"என் ஷிஃப்ட்டுதான்."

ரெபேக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் முட்டின. "எனக்கு வேல போச்சின்னா இன்னா பண்ணுவீங்கண்ணா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா ரயில்ல ஏறிடுவீங்க. சரி, நீங்களே சொல்லும்மா. நின்னுகினு தூங்கட்டா, ஓட்டிகினு தூங்கட்டா?"



கிரண் மட்டும் இன்னும் எண்களை விடவில்லை. நரசாபுராவில் தொலைகிற ஒரு மணி, வெறும் ஒரு மணி அல்ல என்றான். ஆறுக்கே அங்கிருந்து நகர்ந்தால் ஏழுக்கு ஒயிட்ஃபீல்டு. ஏழுக்கு நகர்ந்தால் ஹோஸ்கோட்டில் கூட்டம் பிடித்துக்கொள்ளும், ஒன்பதேகால் ஆகும். "ஒரு மணி தூங்கினா ரெண்டேகால் மணி போவுது. விலை அதிகம்."

"அப்ப ஒருத்தர் முழிச்சிருந்து அண்ணன எழுப்பட்டும்," என்றார் ஐடா அக்கா.

யார் என்று கேட்டதும் எல்லாரும் இருட்டைப் பார்த்தார்கள். ரயிலில் உட்கார இடம் கிடைக்காது என்பதற்காக இந்த வண்டியில் வருகிறவர்கள் அல்ல அவர்கள். தூங்கத்தான் வருகிறார்கள். மறுநாள் கிரண் போனில் அலாரம் வைத்தான். அது அடித்தது. ஏழாவது சீட்டுக்காரர் தூக்கத்திலேயே கையை நீட்டி அதை அணைத்தார். சூரியன்தான் எழுப்பியது.

ரெபேக்காவுக்கு யோசனை தோன்றியது சனிக்கிழமை.

"ஜாம ஏன் அவ்ளோ தூரம் எடுத்துகினு போறோம்? இங்கயே முடிச்சிட்டு கிளம்பலாமே."

திங்களன்று நான்கு மணிக்கு எல்லாரும் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தார்கள். மரியகுழந்தை இன்ஜினைப் போட்டார். ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். வண்டி ஓர் அங்குலம்கூட நகராமல் பதின்மூன்று பேரும் தூங்கினார்கள். எழுப்புவதற்கு என்று தேர்ந்தெடுத்தே, ஐந்து மணி கவர்மென்ட் பஸ் வந்து நிற்கிற இடத்தில் வண்டியைப் போட்டிருந்தார்கள்.

ஐந்துக்கு பஸ் வந்தது. பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அதன் பின்னால் பால் வண்டி. அதன் பின்னால் பூ மூட்டை ஏற்றிய மூன்று ஆட்டோ. மரியகுழந்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு கியர் போட்டார். நரசாபுராவை எண்பதில் தாண்டினார். ஹோஸ்கோட்டில் ரோடு காலியாகக் கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. ஏழுக்கு ஒயிட்ஃபீல்டு. ரெபேக்காவின் ஆபீஸில் செக்யூரிட்டிதான் இருந்தார். இவ்வளவு சீக்கிரம் உள்ளே விட முடியாது என்றார்.

மாதக் கடைசியில் கிரண் மறுபடியும் மணிவாரிக் கணக்கை எடுத்தான். ஐந்துக்கு மேல் எல்லாம் நாற்பதைத் தாண்டியிருந்தது. நான்கிலிருந்து ஐந்து வரை மட்டும் பூஜ்யம்.

யாரும் ரயில் பேச்சை எடுக்கவில்லை. ராபர்ட்சன்பேட்டையில்தான் நிலைமை மோசம். விடியற்காலை பஸ் ஸ்டாண்டு பக்கம் போக முடியவில்லை என்று பால்காரர் புகார் கொடுத்திருக்கிறார். ஐந்து மணி பஸ் வருவதற்கு முன்பே ஒரு கான்ஸ்டபிள் வந்து, பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, முன்னால் காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தட்டினார். பதின்மூன்று பேரில் ஒருவரும் அசையவில்லை. அவர் பின்னால் போய், பால் வண்டிக்காரரை வேறு நேரத்தில் கிளம்பிப் பார்க்கச் சொன்னார்.